கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு விலகல்

எங்கள் மரண சகாய சங்கத்தின் யாப்பு விதிகளின்படி, செயலாளர் விலகுவதற்கு ஒரே வழிதான் உண்டு. விலகல் கடிதத்தைச் செயலாளரிடம் கொடுக்க வேண்டும். அதைப் பொதுக்கூட்டம் ஏற்க வேண்டும். முதல் பாதியில் சிரமமில்லை. மாசிப் போயா விடுமுறைக்கு மறுநாள் கடிதத்தை என்னிடம் நானே கொடுத்து, கிடைத்ததாகப் பதிலும் எழுதிக்கொண்டேன்.

சிக்கல் பொதுக்கூட்டத்தில். உறுப்பினர்களில் மூன்றிலொரு பங்கினர் வந்தால்தான் கோரம் நிறைந்து கூட்டம் செல்லும். மரண வீட்டுக்கு வராவிட்டால் தண்டம் உண்டு. கூட்டத்துக்கு வராவிட்டால் ஒன்றும் கிடையாது. ஆகவே எங்கள் தேயிலைத் தோட்டத்து லயங்களில் மரண வீட்டுக்கு வராதவரும் இல்லை, கூட்டத்துக்கு வருபவரும் இல்லை. பங்குனிக் கூட்டம் மழையால் ஒத்திவைக்கப்பட்டது. வைகாசிக் கூட்டம் எல்ல ஊரில் நடந்த ஒரு கல்யாணத்தால். ஒத்திவைப்பு அறிவித்தலை எழுத வேண்டியவரும் செயலாளரே. சேவைக்காலத்தில் நான் மிக அதிகமாக உழைத்தது, விலக முயன்ற மாதங்களில்தான்.

விலகாமல் இருக்கவும் முடியாது. எங்கள் தோட்டத்தில் நடந்தவற்றைத் தேதிவாரியாக எழுதத் தொடங்கிப் பல வருடமாகிறது. பேனாவைத் திறந்தால் யாராவது இறந்துவிடுவார்கள். நான் மரண வீட்டுக்குப் போகும் சங்கக் கூடாரத்துக்கும் கதிரைகளுக்கும் கையெழுத்துப் போட ஓடுவேன். என் வரலாற்றில் இன்னும் முதல் தேயிலைக் கன்றே நடப்படவில்லை.

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது எல்லோருக்கும் புரியட்டும் என்று ஆனி மாதம் ஒரு பிரியாவிடைக் குறிப்பு எழுதினேன். தலைப்பு: ‘விடைபெறுகிறேன்’. முதல் வரி: ‘பல ஆண்டுகள் உங்களோடு இருந்தேன்; இன்று பாரத்தை இறக்கிவைத்து நிம்மதியாகப் போகிறேன்.’ அதைப் பதுளையில் எங்கள் மரண அறிவித்தல்களை அடிக்கும் அச்சகத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர்கள் பழக்கதோஷத்தில் கறுப்புக் கட்டம் போட்டு, மூலைக்கொரு குத்துவிளக்கு வைத்து, என் வாட்ஸ்அப் படத்தையும் நடுவில் சேர்த்துவிட்டார்கள். சனிக்கிழமை காலை பொருளாளர் நோட்டீஸ் கட்டை வாங்கி, படத்தைப் பார்த்துக் கண் கலங்கி, ஆட்டோவில் சுற்றி எல்லா லயங்களிலும் ஒட்டிவிட்டார்.

நான் அப்போது பண்டாரவளைச் சந்தையில் லீக்ஸ் வாங்கிக்கொண்டிருந்தேன். கைபேசியில் சார்ஜ் இல்லை. மனைவி கொஸ்லந்தையில் தங்கை வீட்டில். வீடு பூட்டிக் கிடந்தது.

பகல் பஸ்ஸில் வந்து இறங்கியபோது என் வாசலில் கூடாரம். சங்கக் கதிரைகள் நிறைய ஆட்கள். எனக்கு வந்தது கோபம்.

“செயலாளர் கையெழுத்தில்லாம கூடாரத்தை வெளிய எடுத்தது யாரு?”

கூடாரக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த பிள்ளை மடுவத்து அம்மா திரும்பாமலே பதில் சொன்னார். தோட்டத்துக் கைக்குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்பவர் அவர்.

“செயலாளரே போய்ட்டாருங்க. யாருகிட்ட கையெழுத்து வாங்குறது? தலைவர்கிட்ட சாவி வாங்கித்தான் எடுத்தேன்.”

பிறகு திரும்பினார். கயிறு கைநழுவி, கூடாரத்தின் ஒரு மூலை தலைவர் தலையில் இறங்கியது.

“ஐயோ, மாஸ்டர்!”

“மாஸ்டர் சாகலையா?” என்றார் முன்வரிசைக் கிழவர். “கொழுந்து நிறுக்காம ஓடியாந்தேன். அரைநாள் சம்பளம், என் அரைப்பேர் போச்சே!”

“அப்ப நோட்டீசை எழுதினது யாரு?” என்றார் பொருளாளர்.

“நான்தான்.”

“அதான் நானும் சொன்னேன்,” என்றார் கிழவர். “மாஸ்டர் எதையும் முன்கூட்டியே எழுதி வைக்கிற ஆளு. சாவையும் எழுதி வச்சிட்டுத்தான் போயிருப்பாருன்னு.”

நான் முழுக் குறிப்பையும் உரக்க வாசித்தேன். இரண்டாம் பந்தியில் ‘செயலாளர் பதவியிலிருந்து’ என்ற சொற்கள் வந்தபோது கூட்டம் முனகியது. அதுவரை யாரும் அவ்வளவு தூரம் வாசித்திருக்கவில்லை.

இதற்குள் தலைவர் கூடாரத்துணியை விலக்கி எழுந்து, கதிரைகளை ஒரு முறை பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

“மாஸ்டர்! கோரம் இருக்கு!”

“பொதுக்கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால அறிவிக்கணும். யாப்பில இருக்கு,” என்றேன். பழக்கம் விடவில்லை.

“புதுக் கூட்டத்துக்குத்தானே? வைகாசிக் கூட்டத்தை ஒத்திவச்சோம், முடிக்கலையே. அது இப்ப தொடருது. உக்காருங்க.”

யாப்பில் இதற்கு மறுப்பு இருக்கிறதா என்று யோசித்தேன். இருந்தது. சொல்லாமல் உட்கார்ந்தேன்.

விலகலை ஏற்க முன்மொழிந்தவர் அரைப்பேர் இழந்த கிழவர். “இனியாவது ஒழுங்கா சாகட்டும்,” என்று காரணமும் சொன்னார். பொருளாளர் வழிமொழிந்தார். எல்லாக் கைகளும் உயர்ந்தன; கொஞ்சம் வேகமாகவே உயர்ந்தன என்பதையும் பதிவு செய்கிறேன். பிள்ளை மடுவத்து அம்மாவைப் புதிய செயலாளராக்குவதற்கும் அதே கைகள் உயர்ந்தன.

அவர் நன்றி சொல்லி நேரம் கடத்தவில்லை.

“கூடாரம் கழட்டணும், கதிரை தூக்கணும். மாஸ்டர், செயலாளருக்குத்தான் இந்த வேலையெல்லாம் விலக்கு. நீங்க இப்ப சாதாரண உறுப்பினர்தானே? அந்த மூலைக் கயித்தை அவுருங்க.”

லீக்ஸ் பையை அவரிடம் கொடுத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தேன். முடிச்சு நன்றாகவே விழுந்திருந்தது.