ஒன்பதாம் தேதித் தாள்

அன்று தில்லி மோதி பாகில் ஓர் அரசுக் குடியிருப்பின் முன்னறையில், எங்கள் குறும்படத்தின் மீதிப் பாதியை எடுக்க வேண்டியிருந்தது. முதல் பாதியை ஒன்பதாம் தேதி எடுத்திருந்தோம். அங்கே குடியிருப்பவர் மாற்றலாகி, இந்த ஷூட்டிங்குக்கு மறுநாள் வீட்டைக் காலி செய்கிறார். அதனால் அந்த ஒரு நாள்தான் எங்களுக்கு.

அலுவலகம் போக மிச்ச நேரத்தில் சாமான் பட்டியல் என் பொறுப்பு. காமிரா, இரண்டு லென்ஸ், சார்ஜ் ஏற்றிய நான்கு பேட்டரி, காலி மெமரி கார்டு, காலர் மைக், அதற்கு உபரி செல், டிரைபாடோடு, காமிராவை அதில் பொருத்தும் பிளேட். போன தடவை பிளேட்டை மறந்ததால் அதற்கு இரட்டை அடிக்கோடு. பிறகு செட் சாமான்கள்: மூக்குக்கண்ணாடி, எவர்சில்வர் டம்ளர், தினசரி காலண்டர், இருபக்கம் ஒட்டும் டேப். ஒவ்வொன்றையும் எடுத்து வைத்து டிக் செய்தேன்.

காலண்டரை ஆணியில் மாட்டியதும் எங்கள் இயக்குநரான இளம்பெண் முதல் நாள் ஷூட்டிங்கில் எடுத்த போட்டோவைப் பார்த்தாள். தில்லியில் பிறந்தவள், இதுதான் அவளுடைய முதல் படம்.

"அங்கிள், இருபத்தொண்ணு காட்டுது! கதையில அதே காலைதானே? எல்லா ஷாட்லயும் ஒன்பதுதான் தெரியுது."

எனக்குப் புரிந்துவிட்டது. பெட்டியில் மடங்கிவிடும் என்று காலண்டரைக் கரோல் பாகில் என் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தேன். எழுந்ததும் என் கை தானாகக் கிழித்துவிட்டது, பன்னிரண்டு காலையும்.

"நானே கிழிச்சுட்டேன்மா."

"பட்டியல் போடுற ஆளே கிழிச்சா எப்படி சார்?" என்றார் மதுரைக்காரரான காமிராமேன். "எத்தனைன்னு எழுதுனீங்க, எந்தத் தேதின்னு எழுதலையே."

அவள் கண் கலங்கியது. "முதல் நாள் எடுத்தது எல்லாம் வேஸ்டா?"

கையிலிருந்த பட்டியலைப் பார்த்தேன். கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதுவது என் பழக்கம். தாளைத் திருப்பினேன். பெரிய கறுப்பு எழுத்தில் ஒன்பது. முதல் நாள் ஷூட்டிங் முடிந்த மறுநாள் காலை கிழித்ததும், அதன் முதுகிலேயே இந்தப் பட்டியலைத் தொடங்கியிருக்கிறேன்.

"அரே வாஹ்!" என்று அவள் என் கையிலிருந்து பிடுங்கினாள். "அங்கிள், ஜல்தி, டேப்!"

பட்டியலில் கடைசி அயிட்டம் அதுதான். தாளைக் காலண்டரில் இருபத்தொன்றின் மேல் ஒட்டினோம். காமிராமேன் லென்ஸ் வழியாகக் குனிந்து பார்த்தார். "பேனா மை லேசா ஊறித் தெரியுது. காலண்டர் பின்னாடிதானே இருக்கு, மை அவுட் ஆஃப் ஃபோகஸ்ல மங்கிரும், கவலைப்படாதீங்க."

"ஒட்டுறதுக்கு முன்னாடி பட்டியலை ஒரு போட்டோ எடுத்திருக்கலாம். இப்ப சாமானைத் திரும்பச் சரிபார்க்க எனக்குப் பட்டியல் இல்லையே" என்றேன்.

"ஷூட்டிங் முடியட்டும் அங்கிள், தரேன். அதுவரைக்கும் அதைத் தொடாதீங்க, ப்ளீஸ். முக்கியமா காலையில!"

கடைசி ஷாட்டுக்கு அவள் 'ஓகே' சொன்னபோது ஜன்னலில் இன்னும் வெயில் இருந்தது. ஒன்பதாம் தேதியை மெதுவாக உரித்து என்னிடம் நீட்டினாள். பிளேட்டிலிருந்து எண்ணத் தொடங்கினேன். 'தினசரி காலண்டர் - 1' என்ற வரிக்கு வந்ததும், பக்கத்தில் 'ஒன்பதாம் தேதி' என்றும் எழுதினேன்.