நன்றி சொன்ன படிவம்

சாரம் பகுதியில் வெப்சைட் செய்து கொடுக்கும் கவிநிலாவுக்குப் பணிந்து பேசவே வராது. அமுதவல்லியின் தங்கும் விடுதிக்கு அவள் செய்த தளத்தில், அறை கேட்டுப் படிவம் நிரப்பியவர்களுக்கெல்லாம் 'நன்றி, கிடைத்தது' என்று வந்தது. அமுதவல்லிக்கோ ஒரு மெயிலும் வரவில்லை.

"நாளைக்குள்ள சரியாவலன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்" என்றார் அவர்.

கவிநிலா ஹோஸ்டிங் கம்பெனிக்குப் போன் போட்டாள்.

"மெயில் பாஸ்வேர்டு தப்பா இருக்கும் மேடம்" என்றார் எடுத்தவர்.

"அதே பாஸ்வேர்டுல என் லேப்டாப்லேருந்து மெயில் போவுது சார். உங்க சர்வர்லேருந்து மெயில் வெளிய போற 587, 465 ரெண்டு போர்ட்டும் தட்டிப் பாத்துட்டேன், கனெக்‌ஷனே ஆவல. பாஸ்வேர்டு கேக்கற வரைக்கும் போவவே இல்ல. அப்புறம் எப்படித் தப்பாவும்?"

"வெளி மெயில் சர்வருக்குப் போறத பிளாக் பண்ணியிருக்கோம் மேடம். எங்க ரிலே சர்வர் வழியா அனுப்புங்க."

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"

மாற்றியதும் சோதனை மெயில் போய்ச் சேர்ந்தது. ஆனால் மெயில் போனதா என்று பாராமலே நன்றி சொன்னது அவள் எழுதிய புரோகிராம்தான். அதையும் திருத்திவிட்டு விடுதிக்குப் போனாள்.

"'கிடைத்தது'ன்னு வந்த பொய் என்னோடதுக்கா. தொலஞ்ச படிவமெல்லாம் திரும்ப வராது. ஆள மாத்தணும்னா மாத்திக்கங்க" என்றாள், தலை குனியாமல்.

அமுதவல்லி போனைக் காட்டினார். அவள் அனுப்பிய சோதனை மெயிலில் 'சாப்டீங்களா அக்கா?' என்றிருந்தது.

"நீ சாப்ட்டியாடி? உக்காரு."