கூடைக்குள்ளிருந்து கூப்பிட்டவன்

கட்டாரில் நாங்கள் எட்டுப் பேர் தங்கியிருந்த அறையில், மேல் கட்டிலில் படுத்துக்கொண்டு ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழ்க் கட்டிலில் இருந்தவருக்கு அது பொறுக்கவில்லை. "என்னய்யா அது, ராப்பகலா அதையே பாக்குறே?" என்று கேட்டார். பிள்ளைகள் போன் பார்ப்பதை எப்படிக் குறைப்பது என்று பெற்றோருக்குச் சொல்லும் வீடியோ என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது.

சிரிக்க வேண்டியதுதான். ஆனால் அந்த வீடியோவில் இருந்தது என் வீடு. இலங்கையில் மஸ்கெலியாவுக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றான என் காம்பரா. நான் நீலம் பூசிய சுவர், என் மனைவி, என் மகள். மகளுக்கு அப்போது மூன்றரை வயது. எழுந்து நின்று நான்கு அடி வைக்கத் தொடங்கிய நேரத்தில் அவளை விட்டுவிட்டு வந்தவன் நான். பிறகு அவள் ஓடியது, விழுந்தது, பேசியது எல்லாமே எனக்குப் போனுக்குள்தான்.

அந்த வீடியோவை எடுத்தவர் எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பரா டீச்சர். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்கிற இடம் அது. பிள்ளைகள் போன் இல்லாமல் ஒரு வாய் சோறும் தின்ன மாட்டோம் என்று அடம்பிடிப்பதைப் பார்த்து, டீச்சர் முதலில் ஒரு வீடியோ போட்டாராம். காலண்டருக்கு முன்னால் நின்று, கண் கெடும், தூக்கம் கெடும், புத்தி கெடும் என்று ஒரே புத்திமதி. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டுவிட்டு, போனைப் பிள்ளையிடமே திரும்பக் கொடுத்துவிட்டார்கள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். டீச்சர் விடவில்லை. "சொன்னா கேக்க மாட்டாங்க அக்கா, செஞ்சு காட்டணும்" என்று என் மனைவியைப் பிடித்தார். எங்கள் பாப்பாதான் அந்தக் காம்பராவிலேயே பெரிய அடம். அந்த வகையில் எங்களுக்கு நல்ல பெயர்.

இரண்டாவது வீடியோவில் புத்திமதியே இல்லை. பாப்பா கார்ட்டூன் பார்க்கிறாள். என் மனைவி பக்கத்தில் குந்தி, "இது முடிஞ்சதும் போன் கூடைக்குப் போயிரும், சரியா?" என்று முதலிலேயே சொல்லி வைக்கிறாள். ஒன்று முடிந்தால் அடுத்தது தானாக ஓடாதபடி நிறுத்தி வைப்பது எப்படி என்று டீச்சரின் விரல் காட்டுகிறது. கார்ட்டூன் முடிகிறது. மனைவி போனைப் பிடுங்கவில்லை. பாப்பாவே எழுந்துபோய், ஜன்னலோரம் ஆணியில் தொங்கும் பிளாஸ்டிக் கூடையில் போடுகிறாள். போட்டதும் உதட்டைப் பிதுக்கி அழப் பார்க்கிறாள். மனைவி திட்டவில்லை, போனைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. வெங்காயத்தைக் கையில் கொடுத்துத் தோல் உரிக்கச் சொல்கிறாள். அழுகை பாதியில் நிற்கிறது. பிறகு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலுமாக இருவரும் சாப்பிட உட்காருகிறார்கள்.

அதுவரை பார்க்கும்போது எனக்கு நெஞ்சு நிறைந்துபோகும். அடேயப்பா, என் பிள்ளை வெங்காயம் உரிக்கிறாள்! அந்த ரொட்டி சுடும் வாசம் இந்த மண்ணாங்கட்டி அறைக்குள் வராதா என்று ஏங்குவேன்.

அதற்குப் பிறகுதான் அந்த இடம் வரும். கூடைக்குள் போன் அடிக்கிறது. பாப்பா திரும்பிப் பார்க்கிறாள். என் மனைவியும் பார்க்கிறாள், ஆனால் எழும்பவில்லை. ரொட்டியைப் பிய்த்து பாப்பாவின் வாயில் வைக்கிறாள். டீச்சரின் குரல் கேட்கிறது: "பாத்தீங்களா, அம்மாவும் எழும்பல. சாப்பாட்டு நேரத்துல போன் இல்லன்னா பெரியவங்களுக்கும் இல்ல. நாம செஞ்சாத்தான் புள்ளைங்க செய்யும்." போன் அடித்து அடித்து ஓய்கிறது.

அடித்தது நான்.

முதல் தடவை பார்த்தபோது எனக்கு விளங்கவில்லை. இரண்டாம் தடவைதான் பொறி தட்டியது. அந்த மணிச் சத்தம் எனக்கென்று மனைவி வைத்திருந்தது. வேலை இடத்தில் எனக்குக் கிடைக்கும் ஒரே இடைவேளை அங்கே மாலை ஐந்து மணிக்கு. எங்கள் தோட்டத்தில் அப்போது ஏழரை. அந்தச் சாப்பாட்டு நேரத்தில்தான் நான் தினமும் கூப்பிடுவேன். அன்று ஏன் எடுக்கவில்லை என்று கேட்டதற்கு, "கையில மாவுங்க" என்று சொல்லிவிட்டாள். கையில் மாவாம்! தோட்டமே பார்த்துக் கைதட்டியிருக்கிறது. நல்ல கட்டுப்பாடு, நல்ல அம்மா என்று குழுவில் எத்தனை பாராட்டு. கூடைக்குள் கிடந்து கூப்பிட்டவன் எவன் என்று ஒருத்தருக்கும் தெரியாது.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். மறுநாள் அவள் போனை எடுத்ததும் பொரிந்து தள்ளிவிட்டேன்.

"நான் என்ன கார்ட்டூனா, மணி பாத்து நிறுத்துறதுக்கு? எனக்கு இருக்கிறது இந்த ஒரு நேரம்தான். அதையும் கூடையில போட்டுட்டியா?"

அழுகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"நீங்க கத்தி முடிங்க, பொறவு சொல்றேன்" என்றாள். நான் முடித்தேன். "நீங்க கோல் எடுத்துக் கூப்பிட்டதும் பாப்பா சோத்த தள்ளி வச்சிருவா. உங்களோட ரெண்டு வார்த்தை. அப்புறம் 'அப்பா போதும், கார்ட்டூன் போடும்மா'ங்கிறா. போன் கைக்கு வந்துருச்சுல்ல, பொறவு யாரால வாங்க முடியும்? உங்க மொகம் அவளுக்கு போன் தொறக்குற சாவியா ஆயிருச்சுங்க. அது எனக்குப் புடிக்கல."

அந்த "அப்பா போதும்" எனக்கும் தெரியும். பிள்ளை வெட்கப்படுகிறாள் என்று மற்றவர்களிடம் சொல்லிச் சமாளித்து வந்தேன்.

டீச்சருக்கும் விஷயம் போயிருக்கிறது. அன்றே எனக்குக் குரல் பதிவு ஒன்று அனுப்பினார். "அண்ணே, மன்னிச்சிருங்க, அடிச்சது நீங்கன்னு எனக்குத் தெரியாது. அப்பாவோட வீடியோ கோல் பேசுறதும் கார்ட்டூன் பாக்குறதும் ஒன்னு இல்லண்ணே. அத நான் குறைக்கச் சொல்லல. சாப்பாட்டோட கலக்காம தனியா ஒரு நேரம் வைங்க. அக்கா பக்கத்துல உக்காந்துக்கட்டும். பேசி முடிஞ்சா போன் நேரே கூடைக்குப் போயிரணும், கார்ட்டூனுக்குப் போகக் கூடாது. அவ்வளவுதான்."

என் இடைவேளையை முதலாளி மாற்றமாட்டான். ஆகவே எங்கள் வீட்டில் சாப்பாட்டை மாற்றினார்கள். கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்து, விறகு மூட்டி, எப்படித்தான் செய்தாளோ, ஏழு மணிக்கே என் மனைவி சாப்பாட்டை முடித்துவிடுவாள். ஏழரைக்கு வாய் துடைத்த முகத்தோடு பாப்பா காத்திருப்பாள்.

முதல் நாட்களில் அவள் கார்ட்டூன் கேட்டு அழுதாள். அம்மா அசையவில்லை. பிறகு மெல்ல மெல்ல, வேறு ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்த பிறகு, என் பிள்ளை என்னிடம் பேசத் தொடங்கினாள். எப்படிப் பேசினாள் தெரியுமா! பிள்ளைக் காம்பராவில் யார் யாரைக் கடித்தது, நாய்க்குட்டிக்கு எத்தனை கால், மழையில் தகரம் எப்படிச் சத்தம் போடுகிறது. ஒரு பேச்சுக்குப் பத்து "அப்பா". கடைசியில் போன் கண்ணாடியில் முத்தம் வைத்து, அதைத் தானே கொண்டுபோய்க் கூடையில் போடுவாள். எனக்குக் கூடையின் பிளாஸ்டிக் ஓட்டை கொஞ்ச நேரம் தெரியும், பிறகு இருட்டு. அந்த இருட்டையும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒப்பந்தம் முடிந்து ஒரு மாத லீவில் வந்தேன். இன்னொரு முறை போவதற்கும் கையெழுத்து வைத்துவிட்டுத்தான் வந்தேன், என்ன செய்வது. ஹட்டனில் பஸ் மாறி, மஸ்கெலியா நீர்த்தேக்கத்தைக் கண்டதுமே பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். பாப்பா ஓடிவந்து "அப்பா" என்று கட்டிக்கொள்வாள் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன்.

அவள் அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். போனுக்குள்ளேயே கண்டவனுக்கு, பிள்ளை என் இடுப்பு உயரம் இருப்பாள் என்பதே தெரியவில்லை. தூக்கப் போனேன். வீலென்று கத்தினாள். "புதுசுல்ல, பழகிருவா" என்று மனைவி சொன்னாள். கொண்டுவந்த பொம்மையை வாங்கிக்கொண்டாள். அதை அம்மாவிடம் காட்டி, "இவரு குடுத்தாரு" என்றாள். இவர்! இரண்டு நாளாகியும் நான் அந்த வீட்டில் "இவரு"தான். கண்ணாடிக்குள் எனக்குப் பத்துத் தடவை கிடைத்த அப்பா, வீட்டுக்குள் ஒரு தடவைகூடக் கிடைக்கவில்லை. வெளியே போய் நின்று, பனி விழுகிறது என்ற சாக்கில் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மாலை சாப்பிட்டு முடித்தோம். பாப்பா கை கழுவி, வாய் துடைத்து, நேரே கூடைக்குப் போய்ப் போனை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, ஏழர ஆயிருச்சு. அப்பாவுக்குக் கோல் எடுங்க."

மனைவிக்குச் சிரிப்பு வந்தது. "அடியே, அப்பா இங்கதானே இருக்காரு." பாப்பா என்னை ஓரக் கண்ணால் பார்த்துவிட்டு, போனை இன்னும் முன்னால் நீட்டினாள். நான் மனைவிக்குக் கண் காட்டினேன். என் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அது கையில் அடித்தது. எடுத்தேன். இருட்டில் என் முகம் மட்டும் வெளிச்சமாகத் தெரிந்திருக்கும்.

"அப்பா!" என்றாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்தும் போனுக்குள்ளிருந்தும் ஒரே நேரத்தில் கேட்டது. "அப்பா, நம்ம ஊட்டுக்கு ஒரு ஆளு வந்திருக்காரு."

"அப்பிடியா பாப்பா? எப்பிடி ஆளு?"

யோசித்தாள். "நல்ல ஆளுதான். பொம்ம குடுத்தாரு. ஆனா அம்மா பக்கத்துல உக்காருறாரு." பிறகு போனை வாய்க்குக் கிட்டே கொண்டுவந்து, குரலை இறக்கி, "நீங்க எப்ப வருவீங்க?" என்றாள்.

அந்த ஆள் நான்தான் என்று தெரியாமல்தான் கேட்டாளா, தெரிந்துகொண்டே கேட்டாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. "இந்தா வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே கதவைத் தள்ளி உள்ளே போனேன். என் குரல் அவள் கையிலிருந்தும் வந்தது. பாப்பா போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள். நான் பாப்பாவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன், தூக்கப் போகவில்லை.

அவள் போனைப் பாயில் வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். இரண்டு நாளாகச் சவரம் செய்யாத என் கன்னத்தில் உள்ளங்கையை வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"குத்துது, அப்பா" என்றாள்.