நாலு வருடமாக வராத சளி

குணசேகர் சாருக்கு மாதம் ஒருமுறை நான்தான் ரத்தம் எடுப்பேன். பெங்களூர் பிரேசர் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேலே எங்கள் லேப். நரம்பு தேடி முழங்கையைத் தொட்டதும் மனுஷன் கண்ணை மூடிக்கொள்வார். ஊசிக்குப் பயந்தல்ல, அந்த மாதத்தில் அவரை வேறு யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

கோலார் தங்கவயல் சுரங்க ஆஸ்பத்திரியில் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்து வெள்ளை அணுக்களை எண்ணியவர். சுரங்கத்தை மூடியபிறகு எங்கள் லேபில் பதினைந்து வருடம் எனக்கு சீனியர். என் ஸ்லைடுகளில் குறை கண்டுபிடிப்பதே அவருக்குப் பொழுதுபோக்கு. எரிச்சலாக வரும். ஓய்வுபெற்றுப் போனபிறகு அந்த எரிச்சலுக்கே ஏங்கினேன் என்றால் நம்ப மாட்டீர்கள்.

கொரோனா இரண்டாம் அலையில் மனைவி தனலக்ஷ்மி போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. அதிலிருந்துதான் மாதாமாதம் ரத்தப் பரிசோதனை.

போன வருடம் எண்ணிக்கை இறங்க ஆரம்பித்தது. நாலாயிரத்து இருநூறு இருந்த வெள்ளை அணுக்கள் இரண்டாயிரத்து எழுநூறு ஆயின. பிறகு ஆயிரத்து தொள்ளாயிரம். ஹீமோகுளோபினும் எட்டுக்கு வந்தது. பாதம் மரத்துப்போய், பஞ்சுமேல் நடக்கிற மாதிரி இருக்கிறது என்றார். பி12 ஊசி போட்டும் பலனில்லை. ரத்தநோய் டாக்டர் அம்ருதாவுக்கு எலும்பு மஜ்ஜையிலேயே கோளாறோ என்று சந்தேகம். இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுக்க நாள் குறித்தார்.

அதற்குள் சார் வீட்டு வாசற்படியில் விழுந்துவிட்டார். படியேறி லேபுக்கு வர முடியாது என்று போன் செய்ததால் நானே ரத்தம் எடுக்க வீட்டுக்குப் போனேன்.

வாசலில் ஒரு ஜோடி செருப்பு. சாப்பாட்டு மேஜையில் ஒரு தட்டு. பக்கத்தில் பிஸ்கட் டப்பா நிறைய மாத்திரை அட்டைகள், எல்லாம் ஐம்பது மில்லிகிராம் ஜிங்க்.

"இன்னா சார் இது?"

"துத்தநாகம்மா. கொரோனா வந்தப்ப ஆஸ்பத்திரியில ரெண்டு வாரத்துக்கு எழுதினாங்க, எனக்கும் அவளுக்கும். அவ அட்டை அப்படியே இருந்துச்சு. தூக்கிப் போட மனசு வரல, நானே முழுங்கினேன். அப்புறம் வாங்கிட்டே இருக்கேன். வெள்ளை அணு வளர்றதுக்கும் முதிர்றதுக்கும், கிருமியோட சண்டை போடுறதுக்கும் ஜிங்க் வேணும். உனக்குத் தெரியாதா?"

"தினம் எத்தனை?"

"முதல்ல ஒண்ணு. கவுன்ட் இறங்க இறங்க ஏத்தினேன். இப்ப மூணு."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"இது மருந்தா? சத்துதானேம்மா."

எனக்குக் கோபம் பொங்கியது. அங்கேயே நின்று டாக்டர் அம்ருதாவுக்குப் போன் செய்தேன். எத்தனை மில்லிகிராம், எத்தனை வருடம் என்று கேட்டார். பிறகு, "ரத்தத்துல காப்பர் பாருங்க மோனிகா, கூடவே ஜிங்க்கும்" என்றார்.

ஜிங்க் எக்கச்சக்கம். காப்பர் பேருக்குத்தான் இருந்தது. மஜ்ஜையில் ஊசி போடுவதைத் தள்ளிவைத்துவிட்டு டாக்டர் விளக்கினார். உடம்புக்கு ஜிங்க் வேண்டும், கொஞ்சம்தான் வேண்டும். அளவுக்கு மேல் போனால் குடலின் உட்சுவர் அணுக்கள் அதைப் பிடித்துவைக்க ஒரு புரதத்தை நிறையச் சுரக்கும். அந்தப் புரதம் ஜிங்க்கைவிட காப்பரை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். நாலைந்து நாளில் அந்த அணுக்கள் உதிரும்போது காப்பரும் மலத்தோடு போய்விடும். காப்பர் இல்லாமல் மஜ்ஜை வெள்ளை அணுவையும் சிவப்பணுவையும் சரியாக உருவாக்காது. தண்டுவடமும் கெடும், பாதம் மரத்தது அதனால்தான்.

அதாவது, அணுக்களைக் காப்பாற்ற விழுங்கியதே அணுக்களைக் குறைத்தது. குறையக் குறைய அவர் கூட்டினார். ஒன்றும் தெரியாதவர் இவ்வளவு விழுங்கியிருக்க மாட்டார்.

ஜிங்க்கை நிறுத்திவிட்டு காப்பர் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் எண்ணிக்கை ஐயாயிரத்தைத் தொட்டது. கால் மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. மேற்கொண்டு கெடாது, இதற்குமேல் எவ்வளவு தேறும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். கைத்தடியோடு படியேறி லேபுக்கு வந்தவரிடம் ரிப்போர்ட்டை நீட்டினேன். இனி மாதாமாதம் வரவேண்டியதில்லை என்றும் சொன்னேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது. ரிப்போர்ட்டை மடித்தார், பிரித்தார்.

"ஆனா மோனிகா, நாலு வருஷமா எனக்கு ஒரு சளி, ஒரு காய்ச்சல் வரலியே. கவுன்ட் அவ்ளோ கம்மியா இருந்தப்பகூட வரல. அது ஜிங்க்காலதானே?"

விழுங்கியதை மறைத்த கோபம் எனக்கு இன்னும் மிச்சம் இருந்தது. வாய் முந்திக்கொண்டது.

"உங்க வீட்டுக்கு யாருமே வரலியே சார். சளி எங்கேருந்து வரும்?"

சொன்ன நிமிடமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் ரிப்போர்ட்டைப் பையில் வைத்தார்.

"ஆமாம்மா" என்றார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு, மேஜைமேல் முழங்கையை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டார்.