ஞானதிரவியத்தின் கடைசிப் பாரா

கலெக்டர் ஆபீஸ் வாசலில் இருபது வருடமாக மனு எழுதுகிறவர் ஞானதிரவியம். அவர் ஊருக்கு வந்த சாயங்காலம் ஆறரை மணி பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். அவர் மனைவி லில்லியும் அவளோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பெண்களும் மூன்று மைல் நடந்துதான் வீடு சேர்ந்தார்கள். அதைக் கட்டுரையாக எழுதி, பத்திரிகையில் நடுப்பக்கக் கட்டுரைகளைத் திருத்திப் போடும் பூங்கோதையிடம் கொடுத்தார்.

அவள் சிரித்தாள். "அண்ணாச்சி, இது மனுல்லா. ஊர்ப் பெருமையெல்லாம் முடிஞ்சு, கடைசிலதான் பஸ் கேக்கீங்க."

"எடுத்த எடுப்புல கேட்டா மரியாதையா இருக்குமா தாயி?"

"அதிகாரி கடைசிவரைக்கும் படிச்சாகணும். பேப்பர் படிக்கவருக்கு என்ன கட்டாயம்? ரெண்டு பாராவுல விட்டுட்டுப் போயிருவாரு."

ஞானதிரவியம் கோரிக்கையை இரண்டாவது வரிக்குக் கொண்டுவந்தார். காரணங்கள் அதன்பின் வந்தன. ஆனால் முடிவில் அவர் கை தானாகவே, 'ஆகவே, பஸ்ஸைத் திரும்ப விடும்படி வேண்டுகிறேன்' என்று எழுதியது. பூங்கோதை அதை அடித்தாள்.

"மேலயே கேட்டாச்சே."

"கேக்காம முடிச்சா, ஆமென் சொல்லாத ஜெபம் மாதிரி இருக்கு."

"சரி, மதினி நடந்து வரும்போது நீங்க என்ன செய்வீங்க?"

"பயத்துல எல்லாரும் பாட்டுப் பாடிக்கிட்டு வருவாங்க. பாலத்துப் பக்கம் லில்லி குரல் கேட்டதும் அடுப்புல வெந்நி வைப்பேன், காலு கழுவ."

"அத எழுதி, அதோட நிறுத்துங்க."

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து பேப்பரைப் பார்த்த லில்லிக்கு வெட்கம். "என்னய எதுக்குப் பேப்பர்ல போட்டீங்க?"

"கடைசிப் பாராவுல இடம் காலியாக் கெடந்துது," என்றார் ஞானதிரவியம்.