நாலாம் கதவில் நின்ற கார்

கொச்சி மட்டாஞ்சேரியில், கொச்சங்காடிப் பக்கம், ஒரு கோடவுனில் கேட் காவல் பார்த்தேன். சோப்பும் தேயிலையும் லாரியில் வந்து இறங்கும். அங்கிருந்து சின்ன வண்டிகளில் கடைகளுக்குப் போகும். எழுபதுகளின் கடைசி.

நாலு கதவு. சந்து ஒரு லாரி அகலம். முதலில் வந்தவனுக்கு முதலில் காலியாகும் கதவு என்று ஒரு வழக்கம். அதனால் எல்லாரும் விடியுமுன்னே வந்து சந்தை அடைத்துக்கொண்டு தூங்குவார்கள். சோப்பு லாரி தேயிலைக் கதவில் நிற்கும். சுமைக்காரர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோடவுனின் நீளம் முழுக்க நடப்பார்கள். சாயங்காலம் வரை காத்துக்கிடந்த டிரைவர்கள் என்னைத் திட்டுவார்கள். வேறு யாரையும் அவர்களுக்குத் தெரியாது.

ஒரு நாள் டிராஃபிக் இன்ஸ்பெக்டர் வந்தார். திங்கட்கிழமை மறுபடி வருவேன், சந்தில் வண்டி நின்றால் அப்புறம் பகலில் ஒரு லாரியும் உள்ளே வராது என்றார். அப்படியானால் கோடவுன் வில்லிங்டன் தீவுக்குப் போகும் என்று மேனேஜர் சொன்னார். தீவில் வேறு யூனியன். வேறு கேட்காரன். எனக்கும் சுமைக்காரர்களுக்கும் வேலை போச்சு.

மேனேஜர் ஒரு திட்டம் போட்டார். கோயம்புத்தூர் லாரி புக்கிங் ஆபீசுக்கு டிரங்க் கால் போட்டு, ஒவ்வொரு லாரிக்கும் ஒரு நேரம் கொடுத்தார். எல்லா லாரிக்கும் ஒரு மணி நேரம். படித்தவர். தேயிலை ஒரு மணியில் இறங்கும். சோப்பு இரண்டு மணி பிடிக்கும். பத்து மணிக்கு வரச்சொன்ன லாரியை யாரும் தொடவில்லை, பத்து மணி சுமைக்காரர்களின் சாயா நேரம். வியாழக்கிழமை பதினொரு மணிக்குச் சந்தில் ஐந்து லாரி நின்றது.

சுமைக்காரர்கள் கதவுக்கு ஒரு கூட்டம். அவர்களின் தலைவரை இக்கா, அதாவது அண்ணன், என்போம். சாயா கிளாசோடு வந்தார்.

"எந்தா அண்ணாச்சி, சாரோட வாச்சு ஓடுதா?"

"ஓடுது. லாரிதான் ஓடல."

"மூணு கூட்டம் வேலை செய்யுது. நாலாவது கூட்டம் சீட்டு விளையாடுது. ஏன்?"

ஏனென்று இரண்டு பேருக்கும் தெரியும். நாலாம் கதவுக்கு முன்னால் மேனேஜரின் அம்பாசிடர் நிற்கும். அங்கேதான் நிழல். மற்ற இடத்தில் காக்கை எச்சம்.

சனிக்கிழமை நானும் இக்காவும் கேட்டில் தொங்கும் நேர சிலேட்டில் மாற்றி எழுதினோம். ஒன்றாம் கதவு, கடைக்குப் போகும் வண்டிக்கு. இரண்டு, தேயிலைக்கு. மூன்றும் நாலும் சோப்புக்கு. சோப்பு அடுக்கு அவற்றின் பின்னால்தான். சோப்புக்கு இரண்டு மணி. பத்து மணிக்கு யாருக்கும் நேரம் இல்லை. மதியம் ஒரு மணி நேரம் காலி, தாமதமாய் வருகிறவனுக்கு. சீக்கிரம் வந்தவன் தோப்பும்படி மைதானத்தில் நிற்கட்டும். மேனேஜர் நேரங்களைப் பார்த்தார், புக்கிங் ஆபீசுக்கு மறுபடி போன் செய்தார். கதவு நம்பரைப் பார்க்கவில்லை. நானும் காட்டவில்லை.

திங்கள் ஆறு மணிக்கே ஒரு பொள்ளாச்சி டிரைவர் சோப்பு லாரியோடு வந்து நின்றார்.

"உங்களுக்கு ஒம்பது மணி. மைதானத்துக்குப் போங்க."

"ஏனுங்க, ராத்திரியெல்லாம் ஓட்டிட்டு வந்தவனுங்க. முதல்ல வந்தவன் நான்தானுங்க."

"முதல்ல வந்ததுக்கு மாலை போட ஆள் இல்ல. ஒம்பதுக்கு வாங்க, கதவு திறந்திருக்கும்."

என் தாயைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டுப் போனார். ஒன்பதுக்குச் சரியாக வந்தார். மூன்றாம் கதவில் எட்டு மணி சோப்பு இறங்கிக்கொண்டிருந்தது.

"நாலாம் கதவு" என்றேன்.

"அங்க காரு நிக்குதுங்க."

"ஒட்டிப் போய் ஹாரன் அடிங்க."

அடித்தார். லாரியின் பாதி சந்தில். மேனேஜர் ஓடி வந்தார்.

"யார் நாலுல போட்டது?"

"நான்தான் சார்."

"என் வண்டி நிக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரியுது சார். சிலேட்ல பார்த்தேன், அதுக்கு நேரம் குடுக்கல."

இக்கா மேலே கூரையைப் பார்த்தார். சீட்டு விளையாடியவர்கள் சீட்டை மடக்கினார்கள். மேனேஜர் என்னை ஒரு பார்வை பார்த்தார். வேலை போச்சு என்று நினைத்தேன். இன்ஸ்பெக்டர் வருகிற நாள் என்பது அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். காரை எடுத்தார். லாரி நாலில் ஏறியது. கூட்டம் இறக்க ஆரம்பித்தது.

ஒன்பதரைக்கு ஜீப் வந்தது. சந்தில் ஒரு லாரி இல்லை. ஒரு அம்பாசிடர் மட்டும் நடுவில் நின்றது.

"இது யாருடைய வண்டி?" என்றார் இன்ஸ்பெக்டர்.

தன்னுடையது என்று மேனேஜரே சொன்னார். அதை மட்டும் எடுக்கச் சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறினார்.

மறுநாள் முதல் அவர் காரைத் தோப்பும்படி மைதானத்தில் விட்டுவிட்டு ஆட்டோவில் வந்தார். சீக்கிரம் வந்த டிரைவர்கள் அவருக்கு மரத்தடியில் இடம் பிடித்து வைத்ததாகக் கேள்வி. என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. கோடவுன் போகவில்லை. நானும் போகவில்லை.