மறுபடி கொடுத்த மருந்து

என் மூத்த பிள்ளைக்கு இதயத்தில் ஓட்டை என்று பாண்டி ஆஸ்பத்திரியில் சொன்னபோது அவனுக்கு ஐந்து மாதம். எழுபதுகளின் நடுவில் அது. பால் குடிக்கும்போதே அவனுக்கு வேர்த்துக்கொட்டும். மூச்சு வாங்கி, பாதியில் விட்டுவிடுவான். ஒரு வயது தாண்டி உடம்பு தேறினால் மெட்ராஸில் ஆபரேஷன் செய்துவிடலாம், பிழைத்துக்கொள்வான், அதுவரை இந்த மருந்து அவனைத் தாங்கும் என்று டாக்டர் ஒரு சின்னப் பாட்டிலைக் கொடுத்தார். டிஜாக்சின். காலையில் அரை மில்லி, சாயங்காலம் அரை மில்லி.

வார்டுக்குள் ஆம்பளைகளை விடமாட்டார்கள். அதனால் நர்ஸம்மா எனக்குத்தான் சொல்லிக்கொடுத்தார். மருந்துக்கு முன்னால் பிள்ளையின் இடது முலைக்காம்புக்குக் கீழே விரல் வைத்து முழுசாக ஒரு நிமிஷம் துடிப்பை எண்ண வேண்டும். நூற்றுக்குக் கீழே இருந்தால் மருந்து கொடுக்காமல் தூக்கிக்கொண்டு வர வேண்டும். ஒருவேளையும் காரணமில்லாமல் விடக்கூடாது. கொடுத்தது வாந்தியில் வந்துவிட்டால் மறுபடி கொடுக்கவே கூடாது.

வீட்டுக்கு வந்ததும் நர்ஸம்மா சொன்னதையெல்லாம் என் புருஷனிடம் அப்படியே சொன்னேன். உப்பு வாரும் பருவம் அது. விடியுமுன்னே நான் உப்பளத்துப் பாத்திக்குப் போயாக வேண்டும். வீட்டு வாசலிலேயே அவருக்குச் சைக்கிள் கடை. ஆகவே காலை மருந்து அவர் பொறுப்பு, சாயங்காலம் என் பொறுப்பு.

மூன்று வாரம் நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு நாள் மாலை பிள்ளை எதுக்களித்தான். மறுநாள் பாலே குடிக்க மறுத்தான். ஆனால் அழவில்லை. எப்போதும் சட்டைக்கு மேலேயே தெரியும் அந்த நெஞ்சுத் துடிப்பும் அடங்கியிருந்தது. சாயங்காலம் நான் எண்ணியபோது நூற்றுக்குக் கீழே போகவில்லை. கோயிலுக்குப் போய் வந்த பெண்கள் எட்டிப்பார்த்து, மாதா கண் திறந்துட்டா என்றார்கள். என் புருஷன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அதற்கடுத்த நாள் பாத்தியிலிருந்து திரும்பியபோது பிள்ளை துணிபோலக் கிடந்தான். கூப்பிட்டால் கண்ணைத் திறந்து மூடினான். கைகழுவக்கூட நிற்காமல் நெஞ்சில் விரல் வைத்தேன். அவர் வாட்ச்சைப் பிடித்துக்கொண்டார். எண்பதைத் தாண்டவில்லை. நடுநடுவே ஒரு துடிப்பு வராமல் என் விரல் காத்திருந்தது.

"காலையில எண்ணிப் பாத்தீங்களா?"

"பாத்தேனே. நூத்துக்குக் கொஞ்சம் கம்மி. நிதானமா ஓடுதுன்னு சந்தோஷப்பட்டேன்."

"மருந்து?"

"கொடுத்தேன். வாந்தி எடுத்துட்டான். திரும்பக் கொடுத்தேன்."

"எத்தினி நாளா இப்படி?"

"நாலஞ்சு நாளா. உள்ள நிக்கவே மாட்டேங்குது. ஒருவேளையும் விடக்கூடாதுன்னு நீதானே சொன்ன?"

"வாந்தி எடுத்தா திரும்பக் கொடுக்காதீங்கன்னும் சொன்னேனே!"

"மருந்து இல்லாம செத்துட்டான்னா இன்னா பண்றது?" என்று அவரும் கத்தினார். கத்திக்கொண்டே டிராப்பரை எடுத்தார். அதைப் பிடுங்கி எறிந்தேன். கல்யாணமானதிலிருந்து அவர்மேல் கை வைத்ததில்லை, அன்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளினேன். பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். அவர் பின்னாலேயே வந்தார்.

டாக்டர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்ததுமே அவர் முகம் மாறியது. மூன்று வாரத்தில் அவ்வளவு குறைந்திருக்கக் கூடாது. "யார் கொடுத்தது, எவ்வளவு?" என்றார். பிள்ளையைக் காப்பாற்ற அது தெரிந்தாக வேண்டும். என் புருஷன் முன்னாலேயே நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"மருந்து உடம்புல தேங்கிப்போச்சும்மா. மருந்து மிஞ்சினதாலதான் வாந்தியே. வாந்திக்கு மறுபடி மருந்து, அதுக்கு மறுபடி வாந்தி. வாந்தியில தண்ணி வத்தி, அது வெளிய போற வழியும் குறைஞ்சுபோச்சு" என்றார் டாக்டர். இறங்கிய துடிப்பை ஏற்ற ஊசி போட்டார்கள். குழாய் வைத்தார்கள். ஏறும், மறுபடி இறங்கும். விடிந்த கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது.

ஊரில் கேட்டவர்களிடமெல்லாம் இதயம் பலவீனம் என்றேன். உள்ளே எரிந்தது. பல மாதம் அவருக்குச் சோறு போடும்போது தட்டை வைத்துவிட்டு முகம் பார்க்காமல் நகர்ந்துவிடுவேன். அவர் கடையைத் திறப்பார், ஆனால் சைக்கிளைத் தொடமாட்டார். ஒருநாள் சாப்பிடாமலேயே தட்டைத் தள்ளிவிட்டு, "நான் திரும்பத் திரும்பக் கொடுக்காம இருந்திருந்தா பொழைச்சிருப்பானா?" என்று கேட்டார்.

முதல் தடவை ஆஸ்பத்திரியில் அவர் வார்டுக்கு வெளியே நின்ற மனுஷன். பிழைத்துக்கொள்வான் என்று டாக்டர் சொன்னதை என் காதுதான் கேட்டது. வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில் மருந்துக் கணக்கைச் சொன்னேனே தவிர, அதை அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

"இல்லைங்க. ஓட்டை பெருசு. எப்படியும் நிக்க மாட்டான்னு முதல்லயே சொல்லிட்டாங்க" என்றேன்.

அவர் தட்டை இழுத்துச் சாப்பிட ஆரம்பித்தார்.